நாலு விரக்கடை முன்னால்

எனக்குக் குத்தவச்சு உக்கார வராது. வேலைக்குச் சேந்த அன்னைக்கே இதை வாயைத் திறந்து சொல்லியிருந்தா இவ்வளவு சங்கடம் கிடையாது. ஆனா உக்கார வராதவனை எந்தப் பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா வப்பாங்க? அதனால சொல்லல. சங்கரன்கோவில்ல ஒரு ஹைஸ்கூல்ல காக்கி டவுசரும் விசிலுமா போய்ச் சேந்துட்டேன். சுதந்திரம் வந்து நாலஞ்சு வருசம் ஆயிருக்கும். எனக்கு இருபத்திமூணு வயசு, கல்யாணமாகி ஆறு மாசம்.

கோளாறு வலது முட்டுல. பதினஞ்சு வயசுல நான் படிச்ச பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் பிரமிட் போட்டாங்க. பையன்க மேல பையன்க ஏறி நின்னு கோபுரம் மாதிரி காட்டுறது, அந்தக் காலத்துல அது இல்லாம விழாவே கிடையாது. எனக்கு உடம்பு கொஞ்சம் தாட்டியம். அதனால அடியில நிக்க விட்டாங்க. எப்படி நிக்கணும்னு ஒருத்தரும் சொல்லித் தரல. வலது காலை முன்னால மடக்கி நின்னேன், ஒருத்தன் என் முட்டுக்கிட்ட கால் வச்சு ஏறுனான், முட்டு உள்பக்கமாச் சாஞ்சுது. தேங்கா மட்டையை உரிக்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டுந்தான் கேட்டுது. ஒரு மாசம் கட்டுப் போட்டுக் கிடந்தேன். வீக்கம் வத்திச்சு, நடந்தேன், ஓடினேன். ஆனா வலது முட்டை முழுசா மடக்கி அதுல பாரத்தை வச்சா டக்குன்னு உள்ள எதுவோ மாட்டிக்கிடும். பெறவு நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. பூட்டுப் போட்ட மாதிரிதான். மல்லாக்கப் படுத்து, காலை இங்கிட்டும் அங்கிட்டும் மெள்ள ஆட்டி, எப்பவாவது ஒரு நிமிசத்துல அது விடும். சில நாள் அரைமணி நேரம் ஆகும்.

டிரெயினிங் படிக்கப் போன எடத்துல இதை மறைக்கக் கத்துக்கிட்டேன். பஸ்கி, அதான் உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறது, அதை எடுக்கச் சொன்னா வலது காலை நாலு விரக்கடை முன்னால வச்சுக்கிடுவேன். முன்னால வச்சா முட்டு அவ்வளவா மடங்காது. பாரம் பூராவும் இடது கால்ல போட்டு இறங்குவேன், எந்திரிக்கையில இடது கையை இடது தொடையில லேசா ஊணிக்கிடுவேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. எனக்கே கொஞ்ச நாள்ல அதுதான் நேராத் தெரிஞ்சுது.

வீட்டுல பொண்டாட்டிக்கு மட்டும் தெரியும். தெரியாம எப்படி இருக்கும்? விடியக்காலம் ஓடைப்பக்கம் போனா மத்தவன் குத்தவச்சுட்டு அஞ்சு நிமிசத்துல வருவான். நான் ஒரு காலை நீட்டிக்கிட்டு, கருவேலஞ்செடியைப் பிடிச்சுக்கிட்டு, படாத பாடு பட்டு வருவேன். பந்தியில உக்காந்தா ஒரு கால் பக்கத்து இலைக்காரர் மடிக்குப் போயிரும். அவ வாய்க்காரி. ஆடித்தபசுக்குக் கோயிலுக்குப் போன அன்னைக்கு, அம்மன் ஒத்தக்கால்ல தபசு நிக்குறதைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, என்னை ஒரு பார்வை பாத்தா. அம்மனாவது வரம் வாங்கத்தான் நிக்கா, நீங்க சம்பளம் வாங்க நிக்கிய, அவ்வளவுதான் வித்தியாசம்னா. கோயில்ல இருந்து புத்துமண் கொண்டாந்து ராத்திரி முட்டுல குழப்பிப் போடுவா. கேலியும் அவதான், வைத்தியமும் அவதான். அப்ப அவளுக்கு மூணு மாசம். வேலை நிரந்தரமாகணும்னு ரெண்டு பேருக்கும் வயித்துல நெருப்பு.

அந்த நிரந்தரம் ஹெட்மாஸ்டர் கையில இருந்துது. நல்ல மனுசன்தான், ஆனா அவசரக்காரர். புரட்டாசி மாசம் என்னைக் கூப்பிட்டு, மாசியில ஆண்டு விழா, பெரிய மனுசங்க வாராங்க, நாலாம் பாரத்துப் பையன்களை வச்சுப் பிரமிட் போடணும், அது நல்லா அமைஞ்சா உம்மை நிரந்தரமாக்கி எழுதிருதேன்னு சொன்னார். பிரமிட்டுன்னு கேட்டதும் எனக்கு வலது முட்டு ஒருதரம் குளுந்துபோச்சு. சரின்னேன். வேற என்ன சொல்ல?

ஆனா ஒண்ணு மட்டும் மனசுல முடிவு பண்ணிக்கிட்டேன். எவன் மேலயும் எவனையும் ஏத்துறதுக்கு முன்னால, தன் உடம்பை மட்டும் வச்சு உக்காரவும் எந்திரிக்கவும் காலை எட்டி மடக்கவும் அவனவனுக்குச் சுத்தமா வரணும். எனக்கு ஆனது இந்தப் பையன்களுக்கு ஆகக்கூடாது. ஹெட்மாஸ்டர்ட்ட ரெண்டு மாசம் கேட்டேன். ரெண்டு மாசம் வெறும் பஸ்கியான்னு கேட்டார். ஆமா சார், வெறும் பஸ்கின்னேன்.

நாப்பது பையன்க. பதினாலு பதினஞ்சு வயசு. முதல்நாள் பஸ்கின்னு சொன்னதும் நாப்பது பேர் மூஞ்சியும் தொங்கிப்போச்சு. அவங்களுக்கு அது தண்டனை. கணக்குத் தப்புனா அம்பது தோப்புக்கரணம், லேட்டா வந்தா அம்பது. சார், நாங்க என்ன தப்பு பண்ணோம்னு ஒருத்தன் கேட்டே போட்டான். தப்புப் பண்ணாதவன்தாம்லே இதை ஒழுங்காச் செய்ய முடியும்னேன். தண்டனைக்குப் போடுறவன் வேகமா முடிக்கப் பாப்பான், குதிங்காலைத் தூக்கிட்டு, முதுகை வளைச்சு, தொப்புத் தொப்புன்னு விழுந்து எந்திரிப்பான். அந்தப் பழக்கத்தை முதல்ல எடுக்கவே பத்து நாளாச்சு.

கிளாஸ்ல இருந்து பெஞ்சுகளைத் தூக்கியாந்து போட்டேன். கால் ரெண்டையும் தோள் அகலத்துக்கு வச்சு, விரல்களைக் கொஞ்சம் வெளியே திருப்பி, பெஞ்சுல உக்காரப்போற மாதிரி பின்னால போய் இறங்கணும். பெஞ்சைத் தொட்டதும் உக்காந்துறாம எந்திரிக்கணும். அது வந்ததும் பெஞ்சை எடுத்துட்டு இன்னும் கீழே. முட்டு ரெண்டும் கால்விரல் பாக்கிற பக்கமே போகணும், உள்ள சாயக்கூடாது. நெஞ்சு நிமிந்திருக்கணும். குதிங்கால் தரையில இருக்கான்னு பாக்கப் பழைய பரீட்சைத் தாளை அடியில செருகிப் பாப்பேன், உள்ள போச்சுன்னா அவன் குதிங்காலைத் தூக்குறான்னு அர்த்தம். முதுகுக்கு ஒரு மூங்கில் கம்பு. மண்டை, நடு முதுகு, பிட்டம் மூணும் கம்புல பட்டுக்கிட்டே இறங்கணும். எந்த எடத்துல முதுகு கம்பை விட்டு வளையுதோ, அன்னைக்கு அவனுக்கு அதுதான் ஆழம், அதுக்குக் கீழே போகக்கூடாது.

திருவேங்கடம் பக்கத்துல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச, வெள்ளாமை பாக்குற சம்சாரி வீட்டுப் பையன்களுக்குக் குதிங்கால் பிரச்சினையே இல்ல. காட்டுல களை எடுத்த காலு, பாதம் பூராவும் தரையில பதிய உக்காந்து அங்கனயே தூங்கக்கூடச் செய்வாங்க. அவங்களுக்கு முதுகுதான் வளையும். தறிக்கார வீட்டுப் பையன்க பாடு வேற. தறிக்குழியில காலைத் தொங்கப்போட்டு மிதிச்சுப் பழக்கம், தொடை இரும்பு மாதிரி இருக்கும், ஆனா கணுக்கால் மடங்காது, கீழே இறங்குனா பின்னால மல்லாந்துருவாங்க. அவங்களைத் தூணைப் பிடிச்சுக்கிட்டு இறங்கச் சொன்னேன்.

அதுக்கப்புறம் லஞ்ச். சாப்பாடு இல்ல, டிரில் புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கும். ஒரு காலை நீட்டமா எட்டி வச்சு ரெண்டு முட்டையும் மடக்கி இறங்குறது. முன்கால் குதி தரையில, முட்டு பாதத்துக்கு நேரா, பின்கால் முட்டு தரையைத் தொடப்போற மாதிரி நேரா கீழே, உடம்பு நிமிந்து. எல்லாவனும் கயித்துமேல நடக்குற மாதிரி ஒரே கோட்டுல கால் வச்சுட்டு ஆடி விழுந்தான். ஸ்டேசன் பக்கம் கூட்டிட்டுப்போய்த் தண்டவாளத்தைக் காட்டினேன். முன்கால் ஒரு தண்டவாளத்துல, பின்கால் மத்ததுல, அந்த மாதிரி அகலம் வேணும்லே, அவ்வளவு அகலம் வேண்டாம், ஆனா அந்த மாதிரின்னேன். டபக்குன்னு பிடிச்சுக்கிட்டாங்க.

எல்லாம் சரி. நான் செஞ்ச ஒரே ஒரு கிறுக்குத்தனத்தைச் சொல்லுதேன். முதல்நாளே அவங்ககிட்ட, வாயால சொன்னா புரியாது, என்னையே பாத்து நான் செய்யுத மாதிரியே அச்சு அசலாச் செய்யுங்கன்னு சொல்லிட்டேன். இடது வலது குழம்பக்கூடாதுன்னு அவங்களுக்கு முதுகைக் காட்டி முன்னால நிப்பேன். ‘ஒன்’னு சொல்லி இறங்குவேன், ‘டூ’ன்னு சொல்லி எந்திரிப்பேன். லஞ்சுக்கு இடது காலை மட்டும் முன்னால வச்சுக் காட்டிட்டு, வலதுக்கும் இதே மாதிரின்னு வாயால முடிச்சிருவேன்.

தறிக்காரப் பையன்கள்ல ஒருத்தன் இருந்தான். ஒல்லியும் இல்ல தடியும் இல்ல, நல்ல திரேகம். பின்னால மல்லாந்து விழுந்தவங்கள்ல அவன்தான் முதல் ஆள். மத்தியானம் சாப்பிட்டதும் மத்தவன் கோலி வெளையாடப் போவான், இவன் தூணைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து எந்திரிப்பான். ஒரு மாசத்துல கணுக்கால் இளகி, கிளாஸ்லயே சுத்தமா உக்காருறவன் இவன்தான்னு ஆச்சு. ஹெட்மாஸ்டர் கண்ணுலயும் பட்டுட்டான். பிரமிட்டுக்கு நடு அடி இவன்தான்னு அவரே சொல்லிட்டார். அவன் முட்டை லேசா மடக்கி நாற்காலி மாதிரி நிக்கணும், ரெண்டு தொடையிலயும் கால் வச்சு ஒருத்தன் ஏறணும், அவன் தோள்ல இன்னொருத்தன். ரெண்டு ஆள் பாரம்.

கார்த்திகையில ஒருநாள் ராத்திரி நல்ல மழை. காலையில மழை விட்டு வெறிச்சிருந்துது. எங்க மைதானம் கரிசல் கலந்த மண்ணு, ஈரத்துல மாவு மாதிரி இருந்துது. லைன்ல நிப்பாட்டி நாப்பது பஸ்கி எடுத்து, மணி அடிச்சதும் அனுப்பிட்டு, விசிலைச் சுத்திக்கிட்டே திரும்பினேன். தரையில நாப்பது சோடிக் காலடி. இடது கால் அத்தனையும் குதிங்கால் வரைக்கும் ஆழமாப் பதிஞ்சிருந்துது. வலது கால் அத்தனையும் மேலாக்க, கோழி மிதிச்ச மாதிரி. அதுமட்டுமில்ல. வலது கால் ஒவ்வொண்ணும் இடது காலைவிட முன்னால இருந்துது. குனிஞ்சு கையை வச்சு அளந்தேன். நாலு விரக்கடை.

லைனுக்கு முன்னால நான் நின்ன எடத்துக்குப் போய்ப் பாத்தேன். அதே அச்சு.

எனக்கு உசுரே இல்ல. குதிங்காலைப் பாத்தேன், முட்டைப் பாத்தேன், முதுகுக்குக் கம்பு வச்சேன், நாப்பது பேர் என் நொண்டியைக் கத்துக்கிட்டதை மட்டும் பாக்கல. இந்தக் காலோட இவங்க மேல ஆளை ஏத்துனா ரெண்டு ஆள் பாரமும் ஒத்தக் கால்ல இறங்கும். என் வலது முட்டு போன மாதிரி இவங்களுக்கு இடது முட்டு போகும். நான்தான் அதுக்கு அச்சாரம் போட்டிருக்கேன். மைதானத்துல யாரும் பாக்குறதுக்கு முன்னால அத்தனை காலடியையும் காலால தேய்ச்சு அழிச்சேன். அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு என்மேல கோவம் வருது. பையன்க காலைத் திருத்த வேண்டியவன் முதல்ல தடயத்தை அழிச்சேன் பாருங்க.

வீட்டுல சொன்னேன். ஹெட்மாஸ்டர்ட்ட உண்மையைச் சொல்லிருங்கன்னு அவ சொல்லுவான்னு பயந்தேன். அவ சொல்லல. ஒரு கையை வயித்துல வச்சுக்கிட்டு மறுகையால புத்துமண்ணைக் குழப்ப ஆரம்பிச்சா. அவளும் எங்கூடச் சேந்து மாட்டிக்கிட்டான்னு அப்பத்தான் புரிஞ்சுது. கேலி பண்ணியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துது.

மறுநாள் சுண்ணாம்பால மைதானத்துக்குக் குறுக்கே கோடு போட்டேன். ரெண்டு பெருவிரலும் கோட்டைத் தொடணும். சம்சாரி வீட்டுப் பையன் ஒருத்தனை முன்னால நிப்பாட்டி, இவனைப் பாருங்கலேன்னேன். ஒருத்தனும் அவனைப் பாக்கல. கால் கோட்டுல நின்னுது, இடுப்பு மட்டும் இறங்கையில இடது பக்கம் போச்சு. கண்ணு பூராவும் என்மேல. ஓரமா நின்னு வாயால மட்டும் சொல்லிப் பாத்தேன். மாஸ்டருக்கு என்னமோ கோவம், அதான் செஞ்சு காட்ட மாட்டேங்காருன்னு பேசிக்கிட்டாங்க. ஹெட்மாஸ்டர் தினமும் வராந்தாவுல நின்னு பாப்பார். மாஸ்டர் என்ன, தள்ளி நின்னே வேலை பாக்கீரான்னு ஒருநாள் கேட்டார். திரும்பவும் முன்னால போய் நிக்க வேண்டியதாப் போச்சு. செஞ்சு காட்டுனா அவங்களுக்குக் கேடு, காட்டாட்டா எனக்குக் கேடு. இப்படியே ஒரு வாரம்.

இடுப்பு சாயுது, இடுப்பு சாயுதுன்னு கத்திக்கிட்டே இருந்தேன். நான் பேசாம இருந்திருக்கணும். அந்தத் தறிக்காரப் பையன் கையைத் தூக்குனான். என்னலேன்னேன்.

“சார், நீங்களும் அப்படித்தானே செய்யுதிய? கோட்டுல உங்க வலது காலு நிக்கவே இல்லியே சார்.”

கேலியாச் சொல்லல. சந்தேகம் கேட்டான். கணக்கு வாத்தியார்ட்ட கேக்குற மாதிரி. நாப்பது பேரும் என் காலைப் பாத்தாங்க. வராந்தாவுல ஹெட்மாஸ்டர் நிக்காரான்னு நான் பாத்தேன். நிக்கல. ஆனாலும் எனக்குத் தலைக்கு ஏறிப்போச்சு. வாய்க்கொழுப்பாலே, நூறு தோப்புக்கரணம் போடுன்னேன். எந்தப் பழக்கத்தை எடுக்கப் பத்து நாள் பாடுபட்டேனோ, அதையே அவனுக்குத் தண்டனையாக் குடுத்தேன்.

அவன் போட்டான். அதுதான் கொடுமை. மத்தவன் போடுத மாதிரி தொப்புத் தொப்புன்னு போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். காதைப் பிடிச்சுக்கிட்டு, குதி பதிய, நெஞ்சு நிமிர, நான் சொல்லிக்குடுத்த எல்லாத்தையும் காப்பாத்திக்கிட்டு, நூறையும் போட்டான். பாரம் மட்டும் இடது கால்ல. அம்பதுக்கு மேல அந்தக் கால் நடுங்குச்சு. போதும்லேன்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்துது. சொல்லல.

மறுநாள் அவன் விந்தி விந்தி வந்தான். இடது முட்டுக்கு மேல வீங்கியிருந்துது. என்னலேன்னு கேட்டதுக்கு, ஒண்ணுமில்ல சார், ராத்திரி தறி மிதிச்சேன்னான். என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு பொய் சொல்லுதான். அவனைப் பெஞ்சுல உக்காரவச்சேன். அந்த நேரம் பாத்து ஹெட்மாஸ்டர் வராந்தாவை விட்டு இறங்கி மைதானத்துக்கே வந்துட்டார். ரெண்டு மாசம் முடிஞ்சுபோச்சு, இன்னைக்கு ஆளை ஏத்திப் பாத்துருவோம்னார். நடு அடியில நிக்கிறவன் எங்கன்னு கேட்டார். பெஞ்சுல இருந்த பையன் எந்திரிச்சு, தயார் சார்னு வந்து நின்னுட்டான்.

இன்னைக்கு வேண்டாம் சார்னேன். ஏன்னார். இவன் கால் சரியில்ல. சரி, வேற ஒருத்தனை விடும். வேற யாரும் இன்னும் தயாரில்ல சார். நாப்பது பேர்ல ஒருத்தனுமா? ஒருத்தனும் இல்ல சார். அவருக்கு மூஞ்சி செவந்துபோச்சு.

“ரெண்டு மாசமா என்னதான்வே சொல்லிக்குடுத்தீரு? நீரே செஞ்சு காட்டும். நான் என் கண்ணால பாக்குதேன்.”

நான் சுண்ணாம்புக் கோட்டைப் பாத்தேன். எப்பவும் போல நாலு விரக்கடை முன்னால வச்சுச் செஞ்சா ஹெட்மாஸ்டருக்குத் தெரியாது. அவர் இங்கிலீஷ் வாத்தியார், அவருக்கு என்ன தெரியும்? சபாஷ்னுட்டு, பையன் மேல ஆளை ஏத்துன்னுவார். வீங்குன காலோட அவன் வந்து நிப்பான். வேலை நிக்கும். அந்தப் பையன் பெஞ்சு ஓரத்துல ஒத்தக் கால்ல பாரம் போட்டு நின்ன நிலையைப் பாத்தேன். பதினஞ்சு வயசுல நான் நின்ன நிலை அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முட்டு போகத்தான் போகுது. அப்ப அது என்னதாவே இருக்கட்டும்னு ஆயிப்போச்சு.

முதல்தடவையா பையன்களுக்கு முதுகைக் காட்டாம மூஞ்சியைக் காட்டி நின்னேன். ரெண்டு பெருவிரலையும் கோட்டுல வச்சேன். என் காலை மட்டும் பாருங்கலேன்னேன். ‘ஒன்’. எட்டு வருசத்துக்குப் பெறவு ரெண்டு கால்லயும் சரிபாதி பாரம் போட்டு இறங்குனேன். எதிர்க்க முப்பத்தொம்பது பேரும் இறங்குனாங்க. நேரா இறங்குனாங்க. ஒருத்தன் இடுப்பும் சாயல. எவ்வளவு லேசான காரியம் பாருங்க, நான் நேரா இறங்குனதும் அவங்களும் நேரா இறங்கிட்டாங்க. சந்தோசத்துல எனக்குக் கண்ணு கலங்கிச்சு. அப்பத்தான் முட்டுக்குள்ள டக்குன்னுது.

பூட்டிக்கிட்டுது. எந்திரிக்கப் பாத்தேன், உசுரு போற வலி. கையை முன்னால ஊணி அப்படியே இருந்தேன். நான் ‘டூ’ சொல்லல. அதனால பையன்களும் எந்திரிக்கல. ஹெட்மாஸ்டருக்கு ஒண்ணும் புரியல, சரி எந்திரிங்கன்னார். ஒருத்தனும் அசையல. எந்திரிங்கலேன்னு சத்தம் போட்டார். டிரில்ல மாஸ்டர் சொன்னாத்தான் எந்திரிக்கணும்னு சொல்லிக்குடுத்திருந்தேன், அதையும் அச்சு அசலாக் கத்துக்கிட்டிருந்தாங்க. சில பையன்களுக்குத் தொடை நடுங்க ஆரம்பிச்சுது. பெஞ்சுல இருந்த பையன் விந்திக்கிட்டே வந்து என் பக்கத்துல நின்னான், என்ன செய்யன்னு தெரியாம. நான் தரையைப் பாத்துக்கிட்டே பேசுனேன்.

“மக்கா, என் வலது முட்டு உங்க வயசுலயே போச்சு. பழகாத காலுல ஒருத்தனை ஏத்திவச்சாங்க, அதுல போச்சு. அதை மறைக்கத்தான் காலை முன்னால வப்பேன். நேத்து இவன் கேட்டது சரி. நான்தான் தப்பு. இப்ப நீங்க இறங்கியிருக்கியள்ல, இதுதான் சரி.”

பெறவு ‘டூ’ன்னேன்.

முப்பத்தொம்பது பேரும் எந்திரிச்சாங்க. ரெண்டு கால்ல, ஒரே சீரா. நான் மட்டும் கீழே இருந்தேன். அந்தப் பையன் என் கக்கத்துல கையைக் குடுத்துத் தூக்கப் பாத்தான். தூக்காதலே, மல்லாக்கச் சாய்ச்சு விடுன்னேன். சாய்ச்சு, காலைப் பிடிச்சு, நான் சொன்னபடி மெள்ள ஆட்டுனான். அது விட ரொம்ப நேரமாச்சு. ஹெட்மாஸ்டர் அவ்வளவு நேரமும் வெயில்ல நின்னார். போகையில மட்டும், இந்த வருசம் பிரமிட் வேண்டாம்னுட்டுப் போனார்.

பரீட்சை வரைக்கும் இருக்கவிட்டார். நாற்காலியில உக்காந்து வாயால சொல்லிக்குடுத்தேன், அந்தச் சம்சாரி வீட்டுப் பையன் முன்னால நின்னு செஞ்சு காட்டுனான், இப்ப அவனைப் பாத்தாங்க. வீங்குன முட்டு வத்துறவரைக்கும் தறிக்காரப் பையனை ஒண்ணும் செய்யவிடல. விழாவுல நாப்பது பேரும் வெறும் பஸ்கியும் லஞ்சும் செஞ்சாங்க. வந்திருந்த பெரிய மனுசங்க கொட்டாவி விட்டாங்க. வருசக் கடைசியில ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, பாத்துட்டேன், பாக்காத மாதிரி எழுத முடியாது மாஸ்டர்னு சொன்னார். அவருக்கும் அது வருத்தந்தான். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவ அன்னைக்கும் கைப்பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு புத்துமண்ணைக் குழப்பிக்கிட்டுதான் இருந்தா. இனிமே ஓடைப்பக்கம் மட்டும் ஒத்தக்கால்ல நின்னாப் போதும்னா. சிரிச்சுக்கிட்டே அழுதா. நானும்தான்.

புளியங்குடியில எலுமிச்சங்கா கமிசன் கடையில நின்னுக்கிட்டே பாக்குற வேலை கிடைச்சுது. அடுத்த வருசம் ஆண்டு விழாவுக்குப் பஸ் ஏறி வந்து, கூட்டத்துல கடைசியில நின்னேன். புது டிரில் மாஸ்டர் பிரமிட் போட்டார். நடு அடியில என் தறிக்காரப் பையன்தான், ஒரு சாண் வளந்திருந்தான். விசில் ஊதுனதும் முட்டை மடக்கி நின்னான். வலது கால் நாலு விரக்கடை முன்னால இருந்துது. நான் செத்துப் பிழைச்சேன். பின்னால ஒருத்தன் ஏற ரெடியா தோளைப் பிடிச்சுட்டான், பேண்டு அடிக்காங்க, கத்துனாக்கூட அவனுக்குக் கேக்காது.

அவன் குனிஞ்சு தன் காலைப் பாத்தான். பின்னால நின்னவனைக் கையால தடுத்தான். வலது காலை இழுத்து இடது காலுக்கு நேரா வச்சான், உடம்பை ஒருதரம் அப்படி இப்படி ஆட்டிப் பாத்தான். பெறவுதான் ஏறுலேன்னான்.